இடையிசையில் ஒலித்தது எந்தக் குழல்?

கேள்வி: சிறுவயதில் வானொலியில் கேட்ட ஒரு பழைய திரைப்பாடலின் இடையிசையில் ஊதுகருவி ஒன்று தனியாக வரும். தாழத் தொடங்கி ஒரே ஓட்டமாக மேலே ஏறும். ஏறியதும் குரலே மாறியது போலிருக்கும். பாடல் நினைவில்லை, மெட்டை முணுமுணுக்க முடியும். அது ஷெனாயா, கிளாரினெட்டா, சாக்சபோனா?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட அந்தக் குரல்மாற்றம் கிளாரினெட்டையே சுட்டுகிறது. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தவன் என்ற முறையில் அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

கிளாரினெட்டின் உட்குழாய் பெரும்பகுதி ஒரே அகலமானது. மற்ற இரண்டும் கூம்பு போல விரிந்து செல்பவை. கூம்புக் குழாயில், விரல்களை மாற்றாமல் ஊதும் முறையை மாற்றினால் ஸட்ஜம் மேல் ஸ்தாயி ஸட்ஜமாகிறது. கிளாரினெட்டிலோ, மேற்பகுதி ஸ்வரங்களுக்கான சாவியை அழுத்தியதும், அதே ஸட்ஜம் மேல் ஸ்தாயியின் பஞ்சமத்துக்குத் தாவுகிறது. ஆகவே இடையில் விழும் அகன்ற இடைவெளியை நிரப்ப, கீழ்ப்பகுதியின் கடைசிச் சில ஸ்வரங்களைக் குழாயின் மேல்முனையிலுள்ள சிறு நீளத்தைக் கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது; அவை சற்றே மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும். அதற்கடுத்த ஸ்வரம் முழுக் குழாயிலும் பிறப்பதால் திடீரென்று தெளிவடைகிறது. தேர்ந்த கலைஞர்கள் இந்த இடத்தைப் பெருமளவு மறைத்துவிடுவார்கள். ஆனாலும் கீழ்ப்பகுதியின் உள்ளீடற்ற, இருண்ட ஒலியும் மேற்பகுதியின் பளிச்சென்ற ஒலியும் வேறுபட்டே நிற்கும். சாக்சபோனில் இந்த அளவுக்கு முறிவு இராது. அதன் தாழ்ந்த ஸ்வரங்களில் மூச்சுக்காற்றின் சத்தமும் கலந்து வரக்கூடும்.

ஷெனாயைப் பொறுத்தவரை, பாடல் சோகக் காட்சியில் வந்ததாக இருந்தாலும், அதனாலேயே அதை ஷெனாய் என்று நினைவு முடிவுகட்டிவிடக் கூடாது. மெட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் மிக உயர்ந்த ஸ்வரத்தையும் பாடிப் பாருங்கள். ஷெனாயின் வீச்சு ஏறத்தாழ இரண்டு ஸ்தாயிகளே. அதைவிட அகலமான மெட்டாக இருந்தால் ஷெனாயை ஒதுக்கிவிடலாம். மூக்கொலி கலந்த அதன் கூர்மை இரட்டைச் சீவாளியால் வருவது. விரல் துளைகளில் சாவிகள் இல்லாததால், துளையைப் பாதி மூடித் திறந்து ஸ்வரங்களை வழுக்கிச் செல்ல முடிகிறது.

ஆனால் வழுக்கலை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது ஆபத்து. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டிலும், கத்ரி கோபால்நாத் சாக்சபோனிலும் கர்நாடக கமகங்களையே வாசித்தவர்கள். பாடல் எண்பதுகளுக்குப் பிந்தியது என்றால் கீபோர்டில் வாசித்த போலிக் குழலாகவும் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் அச்சடித்தது போல ஒரே மாதிரி இருக்கும், மூச்சின் ஏற்ற இறக்கம் இராது.

பழைய வானொலியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த அதிர்வுகளைச் சரியாக எழுப்பாது என்பதால், உங்கள் நினைவிலுள்ள ஒலிநிறத்தை முழுவதும் நம்ப வேண்டாம். மெட்டின் போக்கையே நம்புங்கள். பள்ளி பேண்டில் வாசிக்கும் பிள்ளை யாராவது தெரிந்தவராக இருந்தால், அந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டி, கிளாரினெட்டிலும் ஆல்ட்டோ சாக்சபோனிலும் வாசிக்கச் சொல்லுங்கள். குரல் மாறும் இடம் உங்கள் நினைவோடு எதில் பொருந்துகிறது என்பது உடனே தெரியும்.