மில் துண்டை ஐந்து வரியில் எழுதும்போது: கேள்வி-பதில்

கேள்வி: பெரும்போக நெல்லு மில்லுக்கு ஏத்தின துண்டுகளை டிரைவர் வட்ஸ்அப்பில போட்டோவா அனுப்பினார். முப்பதுக்கு மேல இருக்கு. திகதி, லொறி நம்பர், மொத்த நிறை, வெற்று நிறை, தேறிய நிறை என்று எக்ஸெல்லில ஏத்திக்கொண்டு வாறன். ரெண்டு மூணு துண்டில கழிச்சுப் பார்த்தா ஒத்து வருதில்ல. எந்த எண் பிழை என்று எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? (சம்மாந்துறை)

பதில்: ஒத்துவராத இடம் கண்ணில் படுகிறது என்றால், மூன்று நிறையையும் தனித்தனியே பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே தொடருங்கள். பலர் மொத்த நிறையையும் வெற்று நிறையையும் மட்டும் எழுதிவிட்டு, மூன்றாவதைக் கழித்துப் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் முதல் எண்ணில் உள்ள பிழை மூன்றாவதிலும் ஏறிவிடும். கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும், நெல் மட்டும் குறைந்திருக்கும்.

மொத்தம் C, வெற்று D, தேறியது E என்று நிரல் வைத்திருந்தால் F நிரலில் இதைப் போடுங்கள். பூச்சியம் வரவேண்டும்.

```
=C2-D2-E2
```

பூச்சியம் வராதபோது போட்டோவை மறுபடி முறைத்துப் பார்ப்பதற்கு முன் வித்தியாசத்தைப் பாருங்கள். எந்த இலக்கம் பிழைத்தது என்று பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். ஒரு துண்டில் மொத்தம் 7,360, வெற்று 3,100, தேறியது 4,760 என்று வாசித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். F நிரலில் -500 வரும். 500 என்றால் நூறாம் இடத்தில் ஐந்து வித்தியாசம். மங்கிய அச்சில் ஒன்றை மற்றதாக எடுக்கக்கூடிய இலக்கச் சோடிகளில் ஐந்து வித்தியாசம் உள்ளவை 3-8, 2-7, 4-9 போன்றவை. ஆகவே மொத்த நிறை உண்மையில் 7,860 ஆக இருக்கலாம், அல்லது தேறிய நிறை 4,260 ஆக இருக்கலாம். வெற்று நிறையில்தான் பிழை என்றால் அது 2,600 ஆக இருக்கவேண்டும். அதற்கு 3, 1 என்ற இரண்டு இலக்கமும் ஒன்றாகப் பிழைத்திருக்க வேண்டும், அது நடப்பது அரிது.

இரண்டில் எது என்று தீர்க்க மூட்டைக் கணக்கு வேண்டும். அந்த லொறியில் 72 மூட்டை ஏற்றியதாக உங்கள் கொப்பியில் இருந்தால் 4,760ஐ 72ஆல் பிரியுங்கள், மூட்டைக்கு 66.1 கிலோ. 4,260ஐப் பிரித்தால் 59.2 கிலோ. 66 கிலோ மூட்டையாகக் கட்டியவருக்கு எது சரி என்று சொல்லத் தேவையில்லை. மொத்த நிறை 7,860. தவறிப்போய் 4,260ஐ எடுத்திருந்தால், 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த 120 ரூபாவில் பார்த்தாலும் 60,000 ரூபா அந்த ஒரு துண்டில் போயிருக்கும்.

வேறு வித்தியாசங்களையும் இப்படியே வாசிக்கலாம். ஒரு இடத்தில் 2 வித்தியாசம் என்றால் 6-8, 6 என்றால் 1-7, 8 என்றால் 0-8 என்று தேடுங்கள். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றிப் பிரிபட்டால் அது கண் விட்ட பிழையாக இல்லாமல் கை விட்ட பிழையாக இருக்கக்கூடும். 7,860ஐ 7,680 என்று அடித்தால் 180 வரும். அப்போது அச்சைச் சந்தேகிக்காமல் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியதா என்று பாருங்கள்.

கடைசி இலக்கத்தையும் கவனியுங்கள். லொறி ஏறும் வேபிரிட்ஜ் பொதுவாக 10 அல்லது 20 கிலோ படியில்தான் காட்டும். ஒரே தராசின் பத்துத் துண்டும் பூச்சியத்தில் முடிய, ஒன்று மட்டும் 3,106 என்று இருந்தால் அது 3,100ஆக இருக்கவே சந்தர்ப்பம் அதிகம். எல்லாம் 20இன் மடங்காக வரும் தராசில் 4,770 என்று ஒன்று வந்தாலும் அதே சந்தேகம்தான்.

தெரியாத இலக்கத்தை ஊகித்து எழுதாதீர்கள். `7?60` என்று கேள்விக்குறி போட்டுவிட்டுப் போங்கள். மற்ற இரண்டு எண்ணும் தெளிவாக இருந்தால் அந்த இடத்தைக் கணக்கே நிரப்பித் தரும். அப்படி நிரப்பினால் பக்கத்தில் ‘கணக்கிட்டது’ என்று குறித்து வையுங்கள். மில்லில் பேச்சு வந்தால் எது துண்டில் இருந்தது, எது நீங்கள் போட்டது என்று தெரியவேண்டும்.

முடிவில் ஒரு துண்டு இப்படி நிற்கும்:

```
திகதி: 2025-02-03
வாகனம்: LX-4718
மொத்த நிறை: 7860 கிலோ
வெற்று நிறை: 3100 கிலோ
தேறிய நிறை: 4760 கிலோ
```

திகதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துண்டில் 03/02/2025 என்று இருந்தால் அது பெப்ரவரி 3ஆ, மார்ச் 2ஆ? நம் பக்கத்தில் இரண்டுமே அறுவடைக் காலம், ஆகவே காலத்தை வைத்துத் தீர்க்க முடியாது. அதே தராசின் இன்னொரு துண்டில் 12க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். 17/02/2025 என்று ஒன்று கிடைத்தால் நாள் முதலில் வருகிறது என்று தீர்ந்தது. எக்ஸெல்லுக்கும் இதே குழப்பம் உண்டு. கணினியின் அமைப்பைப் பொறுத்து அது உங்களைக் கேட்காமலே நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுவிடும்.

ஒரே துண்டில் இரண்டு திகதி இருந்தால் பயப்பட வேண்டாம். வரிசை நீண்டு, இரவு நிறுத்த லொறி மறுநாள்தான் இறக்கியிருக்கும். இரண்டாவது நிறுவை முடிந்தபிறகுதான் தேறிய நிறை பிறக்கிறது, எனவே அந்தத் திகதியை எழுதுவதே முறை என்பது எங்கள் அபிப்பிராயம். சில துண்டில் மொத்தம், வெற்று என்று இல்லாமல் முதல் நிறை, இரண்டாம் நிறை என்றே இருக்கும். வரிசையைப் பார்க்காமல் பெரியதை மொத்தமாக எடுங்கள். மில்லில் இறக்க வரும் லொறி பாரத்தோடு முதலில் ஏறும், வட்டைக்கு ஏற்றப் போகும் லொறி வெறுமையாக முதலில் ஏறும்.

லொறி நம்பரில் கோட்டுக்குப் பின்னால் நான்கும் இலக்கம்தான். அங்கே O, B, S என்று தெரிந்தால் அது 0, 8, 5. கோட்டுக்கு முன்னால் புதிய தகட்டில் எழுத்து, பழைய தகட்டில் இலக்கம். ஒரே நம்பரின் வெற்று நிறை துண்டுக்குத் துண்டு சில பத்துக் கிலோ ஏறி இறங்கும், டீசல், படங்கு, உதவியாள் என்று. நூறு லீற்றர் டீசலே 80 கிலோவுக்கு மேல். முந்நூறு நானூறு கிலோ மாறினால் வாசிப்புப் பிழை, அல்லது அது வேறு லொறி. உழவு இயந்திரம் என்றால் பெட்டி மாறியதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: எங்கட துண்டு புள்ளி புள்ளியா அச்சடிச்ச மூணாவது கொப்பி. எட்டும் பூச்சியமும் ஒரே மாதிரித்தான் தெரியுது. போட்டோவைப் பெருப்பிச்சும் பிரயோசனமில்ல. (வெல்லாவெளி)

பதில்: பெருப்பிப்பதால் இல்லாத புள்ளி வந்துவிடாது. இந்த அச்சுப்பொறியின் தலையில் ஊசிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. நடு ஊசி செத்துப்போனால் வரி முழுவதும் ஒரே உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும், 8இன் இடுப்பும் அதோடு போய்விடும். ஆகவே முதலில் இலக்கத்தை விட்டுவிட்டு, அதே வரியில் அச்சான ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். `E`யின் நடுக்கோடும் `H`இன் குறுக்குக்கோடும் காணாமல் போயிருந்தால் ஊசிதான் காரணம். அந்தத் துண்டில் உள்ள ஒவ்வொரு பூச்சியமும் எட்டாகவும் இருக்கலாம் என்று எடுத்து, மேலே சொன்ன கழித்தலால் சோதியுங்கள். எழுத்துகள் முழுசாக இருந்தால் காபன் மங்கியதுதான். தாளை யன்னலோரம் வைத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழ இன்னொரு போட்டோ எடுங்கள், முதல் பிரதியாக இருந்தால் ஊசி அழுத்திய குழி நிழலாகத் தெரியும்.

பெற்றோல் ஷெட்டில் தரும் வழுவழுப்பான தாள் என்றால் கதை வேறு. அதில் மை கிடையாது, சூட்டில் கறுப்பது. லொறியின் முன்கண்ணாடியடியில் கிடந்தாலும் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தாலும் மங்கிக்கொண்டே போகும். நிறுத்த அன்றே, தாளைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் படம் சுருங்காது.

கேள்வி: அச்சில 4,760 இருக்கு. அதுக்குக் கீழ பேனையால 4,640 என்று எழுதிக் காசும் அதுக்குத்தான் தந்தாங்க. தேறிய நிறை என்று எதை எழுதுறது? (மண்டூர்)

பதில்: ஐந்தாம் வரியில் அச்சிட்ட 4,760. அதுதான் தராசு சொன்னது. பேனாவால் எழுதியது வாங்குபவர் சொன்னது, அதை ‘கழிவு: 120’ என்று ஆறாம் வரியாக வையுங்கள். இரண்டையும் ஒரே வரியில் கலந்தால் கழித்தல் ஒத்துவராது, வாசிப்புப் பிழையையும் கழிவையும் பிறகு பிரிக்க முடியாது.

120 நியாயமா என்பதைப் பார்க்கலாம். நெல் சந்தைப்படுத்தும் சபையின் ஈரப்பத அளவு 14 வீதம். உங்கள் நெல் 16 வீதம் என்று மானியில் காட்டியிருந்தால், 14க்குக் கொண்டுவர 4,760ஐ 84ஆல் பெருக்கி 86ஆல் பிரிக்க வேண்டும், 4,649 வரும். அதாவது 111 கிலோ குறைவு. பையையும் கழிக்கலாம்: பத்து வெறும் பையைக் கட்டி நிறுத்து 1 கிலோ வந்தால், 72 பைக்கு ஏறக்குறைய 7 கிலோ. ஆக 118. இரண்டு கிலோவுக்கு யாரும் சண்டை பிடிக்கப்போவதில்லை. ஆனால் மானியே வைக்காமல் கையில் அள்ளிப் பார்த்து 120 போட்டிருந்தால், அடுத்த லோட் இறக்குமுன் மானி வைக்கச் சொல்லி, காட்டும் எண்ணைத் துண்டின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.