கும்பிடும் கையும் அழைப்பிதழும்

கேள்வி: கல்லூரித் தமிழ் மன்ற விழாவில் பேச அழைத்தார்கள். ‘பார்க்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் நாசூக்காகச் சொல்லி, ஒரு கும்பிடும் கையும் போட்டு வைத்தேன். அழைப்பிதழில் என் பெயரை அச்சடித்துவிட்டார்கள்! வாட்ஸ்அப், மின்னஞ்சல், கடிதம் மூன்றிலும் மறுப்பை எப்படிச் சொல்வது?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: அந்தக் கும்பிடும் கைதான் உங்களைக் கவிழ்த்தது. வாட்ஸ்அப்பில் அது வணக்கம், நன்றி, மன்னிக்கவும், ஆகட்டும் என்ற நான்கு வேலையையும் பார்க்கிறது. பேச்சாளர் கிடைப்பாரா என்று தவித்துக்கொண்டிருக்கும் மாணவச் செயலாளர், நான்கில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். ‘பார்க்கலாம்’ சேர்ந்தால் சம்மதமே உறுதியாகிவிடும். ‘வர முடியாது’ என்று எழுதிய பிறகு அந்தக் கையைப் போடுங்கள், தவறில்லை. அதற்குப் பதிலாகப் போடவே கூடாது.

வாட்ஸ்அப்பில் மறுப்பு முதல் வரியிலேயே வரவேண்டும். பூட்டிய திரையில் செய்தியின் தொடக்கம் மட்டும்தான் தெரியும். ‘அழைப்புக்கு மிக்க மகிழ்ச்சி, உங்கள் மன்றத்தின் பணி...’ என்று ஆரம்பித்தால் அவர் கண்ணில் படுவது மகிழ்ச்சி மட்டும்தான். இப்படி எழுதலாம்: ‘தம்பி, வணக்கம். 14ஆம் தேதி என்னால் வர முடியாதுப்பா. வீட்டில் ஒரு கல்யாணம். அழைப்பிதழில் என் பெயர் போட வேண்டாம். விழா நல்லபடியாக நடக்கட்டும்.’ ‘தம்பி’யும் ‘ப்பா’வும் இருப்பதால் ‘முடியாது’ சுடாது. காரணம் ஒரு வரியைத் தாண்டக் கூடாது. கல்யாணம் எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்றெல்லாம் விளக்கினால், ‘முகூர்த்தம் காலையில்தானே சார், சாயங்காலத்துக்குக் கார் அனுப்புகிறோம்’ என்று அடுத்த நிமிடமே பதில் வரும். உடனுக்குடன் பதில் பேசக்கூடிய இடத்தில் ஒவ்வொரு விவரமும் பேரத்துக்கு ஒரு பிடி. அழைப்பு குழுவில் வந்திருந்தாலும் மறுப்பு தனிச் செய்தியாகப் போகட்டும்.

மின்னஞ்சல் துறைத்தலைவருக்குப் போகிறது. அவர் அதை அப்படியே முதல்வருக்குத் தள்ளிவிடுவார். முன்பின் தெரியாதவர் படித்தாலும் விளங்கும்படி விழாவின் பெயர், நாள், உங்கள் முடிவு மூன்றும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். பொருள் வரியில் பழைய ‘Re:’ தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் திறக்க அவசரப்படமாட்டார்கள். அதை அழித்து, ‘14ஆம் தேதி தமிழ் மன்ற விழா: வர இயலாமை குறித்து’ என்று போடுங்கள். அழைப்பின் நகல் முதல்வருக்கும் போயிருந்தால் அனைவருக்குமாகப் பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போகும். காரணத்தை இரண்டு மூன்று வரிகளில் சொல்ல இடம் இங்கேதான் உண்டு. வேறு பேச்சாளரைப் பரிந்துரைப்பதும் இங்கேதான் பொருந்தும், அவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு.

அழைப்பு கல்லூரி முத்திரைத் தாளில், கையொப்பத்தோடு வந்திருந்தால் மறுப்பும் கடிதமாகவே போகவேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள். பார்வையில் அவர்களுடைய கடிதத்தின் நாள். உடலில் மூன்று வாக்கியம் போதும்: அழைப்புக்கு நன்றி, ‘முன்னரே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியின் காரணமாகக் கலந்துகொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன்’, விழா சிறக்க வாழ்த்து. கடிதம் கோப்பில் ஏறும். பல ஆண்டு கழித்து யாரோ ஒரு அலுவலர் எடுத்துப் படிக்கக்கூடிய தாளில் உங்கள் வீட்டு விஷயம் எதற்கு? தபால் தாமதமாகலாம் என்பதால், கடிதம் வருகிறது என்று தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தத் தொனிகளை இடம் மாற்றினால் வினைதான். அண்ணா என்று கூப்பிடும் பையனுக்கு வாட்ஸ்அப்பில் ‘தங்கள் அழைப்பை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்’ என்று அனுப்பிப் பாருங்கள். நாம் என்ன தப்புச் செய்தோம் என்று பதறிப்போவான். முதல்வருக்கான கடிதத்தில் ‘வர முடியாது’ என்று எழுதினால் அது சண்டைக்கு அழைப்பு.

மன்றங்களுக்கும் சொல்கிறேன், இந்தப் பக்கத்தில் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: ‘வருகிறேன்’ என்ற சொல் எழுத்தில் கைக்கு வராமல் யார் பெயரையும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பேச்சாளரைக் கட்டாயப்படுத்த அழைப்பிதழைக் கருவியாக்குவது அநாகரிகம்.

உங்கள் விஷயத்தில் அச்சாகிவிட்டது, இனி வாட்ஸ்அப் உதவாது. இன்றே துறைத்தலைவரைத் தொலைபேசியில் அழையுங்கள். ‘நான் தெளிவாகச் சொல்லாதது என் பிழை, 14ஆம் தேதி வர இயலாது’ என்று சொல்லிவிட்டு, அதையே ஒரு மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். ஃபிளெக்ஸ் பேனருக்குப் பெயர் போய்விட்டதா என்றும் அந்த அழைப்பிலேயே கேளுங்கள். அது பெரும்பாலும் வேறு கடையில் அடிப்பார்கள். அழைப்பிதழைத் திருத்துபவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.