“குறைச்சுச் சாப்பிட்டா சுகப்பிரசவமா?”

கேள்வி: டாக்டர், என் மகளுக்குப் பதினெட்டரை வயசு. போன வருசம்தான் கட்டிக்கொடுத்தோம். இப்போ அஞ்சு மாசம். 151 செ.மீ. உயரம். உண்டாகும் முன்னே 41 கிலோ, இப்போ 42½. ரத்தம் 8.6னு சொல்றாங்க. சத்து மாத்திரை போட்டா குமட்டுது, வெளிக்கி கறுப்பாப் போகுதுன்னு நிப்பாட்டிட்டா. ‘நிறையச் சாப்பிட்டா பிள்ளை பெருசாயி ஆபரேசன்ல முடியும்’னு மாமியார் சொல்றாங்க. சரியா? பதினஞ்சு வயசுலதான் சடங்கானா. வீட்டுல பீடி சுத்துறா.
– ஒரு தாய், முக்கூடல்

பதில்: சரியில்லை அம்மா. வயிற்றைக் காயப்போட்டால் குழந்தையின் தசையும் கொழுப்பும்தான் முதலில் கரையும். மூளைக்குப் போகும் ரத்தத்தை உடல் கடைசிவரை விட்டுக்கொடுக்காது என்பதால், தலை அவ்வளவாகச் சிறுக்காது. பிரசவத்தில் பாதையைக் கடக்க வேண்டியது அந்தத் தலைதான். ஆக, பிரசவமும் எளிதாகாது, பிள்ளையும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும். சம்பந்தியம்மாளிடம் இதை இப்படியே சொல்லுங்கள். அவர்களும் பயத்தில்தான் சொல்கிறார்கள்.

சடங்கான வயதைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. பெரியவளான பிறகும் சில ஆண்டுகள் பெண்பிள்ளை வளருவாள். உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு விரியும், எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேரும். உங்கள் மகளுக்கு மூன்றரை வருடம்தான் ஆகிறது. அவள் உண்பதை அவள் உடம்பும் பிள்ளையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இப்படி வளர்ந்துகொண்டிருக்கும் தாய்க்கு எடை நன்றாக ஏறினாலும், குழந்தை சிறுத்துப் பிறப்பதுண்டு. இவளுக்கோ எடையே ஏறவில்லை. உயரத்துக்கு 41 கிலோ குறைவு என்பதால், இனி வாரம் அரைக் கிலோ, மொத்தத்தில் 12 கிலோவுக்குக் குறையாமல் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து எழுதி வையுங்கள்.

ரத்தம் 11 இருக்க வேண்டிய இடத்தில் 8.6. இதைச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது. பேரீச்சம்பழம், பீட்ரூட், கருப்பட்டி எல்லாம் சாப்பிடட்டும், ஆனால் அவற்றில் உள்ள இரும்பு இந்தக் குறைக்குப் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது. சோகை உள்ளவர்களுக்குத் தினம் இரண்டு. முதல் நான்கைந்து நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று மட்டும் போடட்டும். குமட்டல் பழகியதும் மதியமும் ஒன்று சேர்க்கலாம். மலம் கறுப்பது மாத்திரையின் நிறம்தான். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். காபி, டீ, பால் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சுண்ணாம்பு மாத்திரையை இதோடு சேர்த்துப் போடவே கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். குடற்புழு மாத்திரை கொடுத்தார்களா என்றும் நர்ஸிடம் கேளுங்கள். நான்கு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் ஊசிவழி இரும்பு ஏற்ற வேண்டியிருக்கும். அதை ஏழு, எட்டாம் மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

சாப்பாட்டில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குறைவது சோறு அல்ல, புரதம். ரசஞ்சோறும் ஊறுகாயுமாகப் பொழுது போய்விடுகிறது. காலையில் ஒரு முட்டை, மதியம் கெட்டிப் பருப்போடு முருங்கைக்கீரை, வாரத்தில் மூன்று நாளாவது சாளையோ நெத்திலியோ. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்பும் கிடைக்கும். சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி. பிரசவத்துக்குப் பிறகுதான் களி என்று காத்திருக்க வேண்டாம். ஒரே மூச்சில் சாப்பிட முடியாவிட்டால் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். அங்கன்வாடிச் சத்துமாவு அவளுக்கென்றே வருவது, வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைத்துவிடாதீர்கள்.

பீடி சுற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். புகைக்காவிட்டாலும் தூளிலிருக்கும் நிகோடின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். வீட்டில் மற்றவர்கள் சுற்றினால் தட்டு அவள் படுக்கும் அறையில் இருக்கக் கூடாது. கைகழுவாமல் யாரும் அவளுக்குச் சாப்பாடு எடுத்துவைக்கவும் வேண்டாம்.

சின்ன வயதுத் தலைச்சன் கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு சற்று அதிகம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் போகலாம் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பகாலப் பதிவு எண் வாங்கியாயிற்றா என்று பாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி உதவித் திட்டத்துக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை வெளியே நிறுத்தும் நிபந்தனை என்பது என் கருத்து. உங்கள் மகள் எப்போது 19-ஐ எட்டுகிறாள், அப்போது என்ன கிடைக்கும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அங்கன்வாடி உணவுக்கு இந்த வயதுக் கணக்கு இல்லை.