மாலையில் எரியும் சோலார் விளக்கு இரவு பத்து மணிக்கே ஏன் அணைகிறது?

கேள்வி: எங்கள் தெருவிளக்கு 12 வாட் எல்இடி, 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. போட்டு நான்கு வருடம் ஆகிறது. முன்பு விடிய விடிய எரியும். இப்போது மூன்று, நான்கு மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. பேட்டரியை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதே வாங்கிவிடாதீர்கள். முதலில் விளக்கு எப்படி அணைகிறது என்று பாருங்கள். தினமும் எரியத் தொடங்கி மிகச் சரியாக அதே நேரம் கழித்து அணைந்தால், பேனல், பேட்டரி, விளக்கு மூன்றையும் இணைத்துக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் டைமர் போட்டிருக்கலாம். அணைவதற்குச் சற்று முன் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.4 வோல்ட் போலக் காட்டினால் பேட்டரி தீரவில்லை, டைமர்தான் நிறுத்துகிறது. அமைப்பை விடியும்வரை எரியும்படி மாற்றினால் போதும். 11 வோல்ட்டை ஒட்டி இறங்கியிருந்தால் உண்மையாகவே சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அப்படியானால் பேட்டரி நிரம்பவில்லையா, அல்லது நிரம்பியும் தாங்கவில்லையா என்று பிரித்தறிய வேண்டும். காலை வெயில் ஏறுமுன் பேனலைத் தண்ணீரும் மென்துணியும் கொண்டு துடையுங்கள். பறவை எச்சம் ஒரு செல்லை மறைத்தால்கூட மின்சாரம் நிறையக் குறையும். பிறகு கன்ட்ரோலரிலிருந்து விளக்கின் வயரை மட்டும் கழற்றி, நல்ல வெயிலுள்ள இரண்டு நாள் எரியவிடாமல் வையுங்கள். மூன்றாம் நாள் மாலை வயரை மாட்டி, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று ஒவ்வோர் இரவும் குறித்துவையுங்கள்.

உங்கள் விளக்கு 12 வோல்ட்டில் சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். 12 மணி நேர இரவுக்கு 12 ஆம்பியர்-மணி போதும். நல்ல நிலையிலுள்ள 40 ஆம்பியர்-மணி பேட்டரி இதைச் சிரமமின்றித் தரும். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் நான்கு மணி நேரம்தான் என்றால், அதில் மிஞ்சியிருப்பது 4 ஆம்பியர்-மணி. தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிட்டது, மாற்றத்தான் வேண்டும். மாலையில் மீட்டர் 13 வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். சார்ஜ் முடிந்த கையோடு பழைய பேட்டரியும் அப்படித்தான் காட்டும். விளக்கு அரை மணி நேரம் எரிந்த பிறகு அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாறாக முதல் இரவு 12 மணி நேரம், அடுத்தது 9, அதற்கடுத்து 6 என்று தேய்ந்துகொண்டே போனால் பேட்டரி நல்லது, வரவு போதவில்லை. நான் பார்த்த ஒரு விளக்கு இப்படித்தான் தேய்ந்தது. பேனல் சுத்தமாக இருந்தது. ஆனால் நான்கு வருடத்தில் வளர்ந்த மரக்கிளை மதியத்துக்கு மேல் பாதிப் பேனலை நிழலில் வைத்திருந்தது. கிளையை வெட்டியதும் சரியாயிற்று.

இன்னொன்றையும் பாருங்கள். விளக்கு எரியும்போது பேட்டரி முனையிலும் கன்ட்ரோலரின் பேட்டரி முனையிலும் அளந்து ஒப்பிடுங்கள். அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் முனை துருப்பிடித்திருக்கும், அல்லது வயர் தளர்ந்திருக்கும். பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாக எண்ணி கன்ட்ரோலர் விளக்கை நிறுத்திவிடும்.

பேட்டரியை மாற்றும்போது லித்தியம் வாங்கினால், கன்ட்ரோலரில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். அதில் லித்தியத்துக்கான அமைப்பே இல்லையென்றால் கன்ட்ரோலரும் புதிது தேவை. கழற்றும்போது பேனல் வயரை முதலில் எடுங்கள், பிறகு பேட்டரி. மாட்டும்போது பேட்டரிதான் முதலில்.