ஓட்ஸ் கஞ்சியில் எவ்வளவு புரதம்? வாசகர் கேள்விகள்

பக்கற்றில் 100 கிராமுக்கு 13 கிராம் புரதம் என்று இருக்கிறது. அம்மாவுக்கு 40 கிராம் ஓட்ஸ் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை நிறுத்தேன், 250 கிராம். அப்படியானால் ஒரு வேளைக்கு 32 கிராம் புரதம் கிடைக்கிறதா? (வாசகி, கிளிநொச்சி)

இல்லை, ஏறக்குறைய 5 கிராம்தான். இந்தத் தவறு எனக்குக் கவலை தருகிறது. 32 கிராம் என்று நம்பினால் அம்மாவின் முட்டையையும் மீனையும் குறைத்துவிடுவீர்கள்.

பக்கற்றில் உள்ள 13 காய்ந்த ஓட்ஸுக்கு உரியது. நீங்கள் போட்டது 40 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 5.2 கிராம் புரதம் உண்டு. மிச்சம் 210 கிராமும் தண்ணீர்; தண்ணீரில் புரதம் இல்லை. ஒரு கொத்து அரிசி சோறாகிப் பானை நிறைந்தாலும் அது ஒரு கொத்து அரிசிதானே.

தொலைபேசிச் செயலியில் “சமைத்த ஓட்ஸ், 100 கிராமுக்கு 2.5 கிராம்” என்று வருகிறது. அதன்படி 250 கிராமுக்கு 6 கிராமுக்கு மேல் வருகிறதே? (மாங்குளம்)

அந்த 2.5 யாரோ ஒருவர் ஒரு பதத்தில் காய்ச்சிய கஞ்சியின் கணக்கு. மேலே சொன்ன கஞ்சியில் 5.2 கிராமை 250 கிராமுக்குப் பகிர்ந்தால், 100 கிராமுக்கு 2.1தான் வருகிறது, அது சற்றுத் தண்ணீரான கஞ்சி. அதே 40 கிராமை இறுகக் காய்ச்சி 180 கிராமில் இறக்கினால் 2.9 வரும். உடலுக்குப் போவது இரண்டிலும் 5.2 கிராம்தான். ஆகவே சமைக்குமுன் காய்ந்தபடி நிறுத்த எடையையும் பக்கற் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சமைத்த எடைக்குச் சமைத்த எண், காய்ந்த எடைக்குக் காய்ந்த எண், கலந்தால்தான் குழப்பம்.

நாலு பேருக்கு ஒரே சட்டியில் காய்ச்சுகிறோம். எல்லோரும் ஒரே அளவு சாப்பிடுவதில்லை. (புதுக்குடியிருப்பு)

இங்கேதான் சமைத்த எடை உண்மையில் உதவும். வெறும் சட்டியை முதலில் நிறுத்து எழுதி வையுங்கள். 600 கிராம் என்று வைப்போம். 160 கிராம் ஓட்ஸில் 20.8 கிராம் புரதம். காய்ச்சி இறக்கியதும் சட்டியோடு 1,600 கிராம் என்றால், கஞ்சி 1,000 கிராம். மகன் 350 கிராம் எடுத்தால் அவருக்கு 7.3 கிராம், 200 கிராம் எடுக்கும் பாட்டிக்கு 4.2 கிராம். எடுப்பதற்கு முன்பே நிறுத்துவிட வேண்டும். ஆறி இறுகியதென்று பிறகு சுடுதண்ணீர் விட்டால், மொத்தத்தை மறுபடி நிறுங்கள்.

பால்மா சேர்த்தால்? (வவுனியா)

கூடும். பால்மாப் பக்கற்றில் 100 கிராமுக்கு உள்ள புரதத்தைப் பாருங்கள். 25 என்றிருந்தால், 20 கிராம் மாவுக்கு 5 கிராம். ஓட்ஸின் 5.2 கிராமோடு இதுவே கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். ஆனால் ஓட்ஸ் பக்கற்றிலேயே “பாலுடன்” என்று தனி நிரல் இருந்தால், அதில் பாலின் புரதம் ஏற்கனவே சேர்ந்திருக்கும். அதன்மேல் பால்மாவையும் கூட்டினால் ஒரே பாலை இருமுறை எண்ணியதாகும்.