பழைய சங்கிலியைக் கொடுத்து ஆரம் வாங்கும்போது எங்கே பேரம் பேசுவது?

"அம்மாவின் 3 பவுன் சங்கிலியைக் கொடுத்து, தங்கை கல்யாணத்துக்கு 3 பவுனில் ஆரம் எடுக்கிறோம். சேதாரம் 14% என்கிறார்கள், பழைய தங்கத்துக்கு 'நல்ல விலை' தருவார்களாம். எதில் பேசுவது?"

முதலில் பழைய நகையைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். ஆரத்தின் சேதாரத்தைப் பேசி முடித்து, சீட்டில் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகப் பேசினால் ஒன்றில் கூட்டிக் கொடுத்ததை மற்றதில் எடுத்துவிடுவார்கள். 24 கிராமுக்கு 14% என்றால் 3.36 கிராம், 10% என்றால் 2.4. கிட்டத்தட்ட ஒரு கிராம் மிச்சம். செய்கூலி தனியாக உண்டா என்றும் அப்போதே கேளுங்கள்.

அப்புறம் சங்கிலி. உங்கள் கண் முன்னே எடை போட்டு, கேரட் மீட்டரில் வைக்கச் சொல்லுங்கள். 87% காட்டினால் சுத்தத் தங்கம் 20.88 கிராம், அதை 0.916-ஆல் வகுத்தால் 22 கேரட் கணக்கில் சுமார் 22.8 கிராம். அன்றைய 22 கேரட் விலையை இதற்குத்தான் போட வேண்டும். தரத்துக்காக ஏற்கெனவே 1.2 கிராம் குறைந்துவிட்டது, அதன் மேல் 'கழிவு' என்று இன்னொரு 2% கேட்டால் மறுத்துவிடுங்கள், எங்கள் வீட்டில் இது தெரியாமல்தான் விட்டோம்.

மீட்டர் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும், பற்றவைத்த இடங்களில் தரம் குறைவாக இருக்கும். அதனால் உருக்கிப் பார்க்கலாம் என்பார்கள், அது நியாயமே. ஆனால் உருக்கிய பின் சங்கிலியாகத் திரும்பாது, கணக்கு முறையை எழுதி வாங்கிய பிறகே சம்மதியுங்கள்.