காசையும் கட்டி, பொண்டும் எழுதுவதா?

வணக்கம் ஐயா,

மகள் உயர்தரம் எழுதிவிட்டாள். விமானத்துறை வேலைதான் வேண்டும் என்று நிற்கிறாள். வெள்ளவத்தையில் ஒரு அகாடமியில் கேபின் குரூ, கிரவுண்ட் ஸ்டாஃப் இரண்டும் சேர்ந்த ஆறு மாத டிப்ளோமா 285,000 ரூபா. வேலை நூறு வீதம் உறுதி என்கிறார்கள். ஆனால் இரண்டு வருட பொண்ட் எழுத வேண்டுமாம். இடையில் விட்டால் 5 இலட்சம் கட்ட வேண்டும், அரச உத்தியோகத்தர் இருவர் பிணை நிற்க வேண்டும். சான்றிதழின் மூலப்பிரதியையும் கேட்கிறார்கள். பதிவுக்கு 25,000 கட்டிவிட்டேன். மிச்சத்தை இந்த மாத முடிவுக்குள் கட்டவா?

– வத்தளையிலிருந்து ஒரு தகப்பன்

அன்புள்ள ஐயாவுக்கு,

கட்ட வேண்டாம். முதலில் பொண்ட் பத்திரத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பொண்ட் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒரு விமான நிறுவனம் ஆளை வேலைக்கு எடுத்து, சம்பளமோ கொடுப்பனவோ கொடுத்துக்கொண்டே தன் செலவில் பயிற்சி கொடுக்கும். பயிற்சி முடிந்த மறுமாதமே அந்த ஆள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் போட்ட காசு போச்சு. அதற்காக எழுதி வாங்குவதுதான் பொண்ட். உதாரணத்துக்கு, பயிற்சிச் செலவு 6 இலட்சம், பொண்ட் 24 மாதம் என்று வையுங்கள். ஒழுங்கான பத்திரமென்றால் வேலை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் 25,000 கழிந்துகொண்டு வரும். 18 மாதம் வேலை செய்துவிட்டு விலகினால் மிஞ்சிய ஆறு மாதத்துக்கு 150,000 கட்டினால் சரி.

உங்கள் கதையில் பயிற்சிக்குக் காசு கட்டுவது நீங்கள். அவர்கள் மகளுக்காகச் செலவழித்தது ஒன்றுமில்லை. அப்படியிருக்க எந்த நட்டத்துக்கு 5 இலட்சம்? அதுவும் முதல் மாதத்தில் விட்டாலும் 23ஆவது மாதத்தில் விட்டாலும் ஒரே தொகையா என்று பாருங்கள். குறையாமல் நிற்கும் தொகை என்றால், அது செலவை மீட்பதற்கு அல்ல, ஆளைப் பிடித்து வைப்பதற்கு. பிணை நிற்கும் இரண்டு அரச உத்தியோகத்தர்களிடமும் அந்தக் காசைக் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். யாரோ சொந்தக்காரர் முகத்துக்காகக் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு உங்களோடு கதைக்காமல் போவார்.

பத்திரம் கையில் வந்ததும் இரண்டு இடங்களை வாசியுங்கள். ஒன்று, வேலை தருபவர் யார் என்ற இடம். அங்கே ஒரு கம்பனியின் பெயர் இருக்கிறதா, இல்லை ‘நிறுவனம் காட்டும் எந்தப் பணியிடத்திலும்’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா? அப்படி ஒரு வரி இருந்தால், ஹோட்டல் வரவேற்பு மேசையைக் காட்டினாலும் கார்கோ களஞ்சியத்தைக் காட்டினாலும் ‘வேலை தந்துவிட்டோம்’ என்று சொல்லலாம். மகள் மறுத்தால் பொண்டை முறித்தவள் மகள்தான். நூறு வீதம் உறுதி என்ற பேச்சு பெரும்பாலும் இந்த வரிக்குள்தான் ஒளிந்திருக்கும். இரண்டாவது, இரண்டு வருடம் எப்போது தொடங்குகிறது என்ற இடம். வேலையின் முதல் நாளிலிருந்தா, வகுப்பு முடிந்த நாளிலிருந்தா? வேலையே கிடைக்காவிட்டால் பொண்ட் செல்லுபடியாகாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

‘கட்டுநாயக்கவில் பல எயார்லைன்களோடு ஒப்பந்தம் இருக்கிறது’ என்றும் சொல்லியிருப்பார்கள். அந்த விமான நிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கட்டுநாயக்கவில் தரைச் சேவை நீண்ட காலமாக ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் கையில்தான் இருந்து வந்திருக்கிறது. வெளிநாட்டு விமானத்துக்குச் செக்-இன் கவுண்டரில் போர்டிங் பாஸ் தரும் பிள்ளை பெரும்பாலும் அந்த எயார்லைனின் ஆள் இல்லை. வெளிநாட்டு எயார்லைன்கள் இங்கே ஒரு நிலைய மேலாளரையும் சிலரையும் வைத்துக்கொண்டு மிச்ச வேலையை ஒப்பந்தத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே எத்தனை எயார்லைன்களின் சின்னத்தைச் சுவரில் ஒட்டியிருந்தாலும், ஆள் எடுக்கும் வாசல்கள் கொஞ்சம்தான். அந்த வாசல்களில் எதனோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது என்று கேளுங்கள். விமான நிலைய பாஸ் எடுத்துத் தர என்று தனியாகக் காசு கேட்டால் இன்னும் கவனம். பாஸுக்கு விண்ணப்பிப்பது வேலை தரும் நிறுவனம். வேலை இல்லாத பிள்ளைக்குப் பாஸ் எதற்கு?

கேபின் குரூ பக்கம் இன்னும் ஒரு சங்கதி. விமானத்தின் கதவைத் திறப்பது, சறுக்கியை விரிப்பது, தீயை அணைப்பது எல்லாம் அந்தந்த நிறுவனம் தன் விமான ரகத்துக்கு ஏற்ப, தன் கைநூலின்படி, வேலைக்கு எடுத்த பிறகு சொல்லிக் கொடுப்பவை. பத்து வருடம் பறந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனாலும் திரும்பப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். ஒரு தட்டுவண்டியும் இரண்டு வரிசை இருக்கையும் வைத்திருக்கும் அகாடமியால் அதைத் தர முடியாது. ஆங்கிலப் பேச்சு, உடுப்பு, நேர்முகத் தேர்வுப் பழக்கம் இவற்றைத் தரலாம். அவற்றுக்கும் மதிப்பு உண்டு, 285,000 ரூபாவுக்கு இல்லை. கிரவுண்ட் பக்கத்தில் ஆபத்தான பொருட்கள் பற்றிய சான்றிதழைக் காட்டுவார்கள். உண்மையான சான்றிதழ்தான், ஆனால் 24 மாதத்தில் காலாவதியாகிவிடும். வேலை கிடைக்க முன்னமே எடுத்து வைத்தால் பாதிக் காலம் வீட்டு அலுமாரியில் கழியும்.

அகாடமி உண்மையானதா என்று பார்க்க, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று tvec.gov.lk தளத்தில் பாருங்கள். நிறுவனத்தின் பதிவு வேறு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. இரண்டையும் கேளுங்கள். ‘நாங்கள் பதிவு செய்த கம்பனி’ என்று கம்பனிப் பதிவாளரின் பத்திரத்தைக் காட்டினால் அது இதற்குப் போதாது. மரக்கறிக் கடைக்கும் அந்தப் பத்திரம் கிடைக்கும்.

பேச்சு டுபாய், தோஹா பக்கம் திரும்பினால் அது அகாடமியின் வேலையே இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எமிரேட்ஸ், கட்டார் எயார்வேஸ் போன்றவை விண்ணப்பத்துக்கோ நேர்முகத்துக்கோ காசு வாங்குவதில்லை. கொழும்பில் ஆள் எடுக்க வந்தால் தங்கள் சொந்த வேலைவாய்ப்புத் தளத்திலேயே அறிவிப்பார்கள். மகளுக்கு 21 வயது ஆகாவிட்டால் அந்த இரண்டு இடத்துக்கும் கேபின் குரூவாக விண்ணப்பிக்கவே முடியாது. இதை அகாடமி உங்களுக்குச் சொன்னதா?

மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவதென்றால் காட்டலாம், வைத்துக்கொள்ள விட வேண்டாம். கட்டிய 25,000க்குக் கம்பனியின் பெயரில் பற்றுச்சீட்டு இருக்கிறதா, காசு கம்பனிக் கணக்குக்குப் போனதா அல்லது ஒரு தனி ஆளின் கணக்குக்கா என்று இன்றைக்கே பாருங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள்: பொண்ட் இல்லாமல், பிணை இல்லாமல், வெறும் பாடநெறியாகப் படிக்க முடியுமா? முடியும் என்றால் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டோம், அங்கேயே இருந்து கையெழுத்து வையுங்கள் என்றார்களானால், அந்த 25,000ஐ விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.